காசு போயிற்று, ரீசார்ஜ் ஏறவில்லை: முதலில் யாரிடம் கேட்பது?

கருங்கல் பக்கத்தில் இருக்கும் என் சித்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். அவருடைய போனிலிருந்து கூப்பிட முடியவில்லை, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினார். "மக்களே, வியாழக்கிழமை ராத்திரி 349 ரூவாய்க்கு ரீசார்ஜ் போட்டேன். பைசா போச்சு, ஈசி ஏறல்ல. பேங்குல கேட்டா எங்க வேல முடிஞ்சுண்ணு சொல்லுதான். நாகர்கோவில்ல போய்க் கேட்டா எங்களுக்கு ஒண்ணும் வரல்லண்ணு சொல்லுதான். இனி யாருகிட்டயாக்கும் கேக்கணும்?"

வெள்ளிக்கிழமை வங்கிக் கிளையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். சனிக்கிழமை பஸ் ஏறி நாகர்கோவில் போய், சிம் நிறுவனத்தின் கடையில் டோக்கன் எடுத்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு இடத்திலும் கேட்ட பதில்கள் பொய்யில்லை. வங்கியிலிருந்து பணம் உண்மையிலேயே போய்விட்டது. சிம் நிறுவனத்துக்கு உண்மையிலேயே எதுவும் வரவில்லை. நடுவில் ஒருவரிடம் பணம் நின்றுகொண்டிருந்தது. அவரைச் சித்தி கேட்கவே இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது.

ரீசார்ஜ் போட்ட செயலியை நடத்தும் நிறுவனம்தான் அந்த நடு ஆள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ரீசார்ஜ் சிக்கலில் பலரும் நாட்களை இழப்பது, புகாரைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைப்பதால்தான். சரியான வாசல் எது என்பதை நம் போனில் இருக்கும் ரசீதே சொல்லிவிடும், படிக்கத் தெரிந்தால் போதும்.

இரண்டு பயணம்

நாம் ஒரு தடவைதான் பட்டனை அழுத்துகிறோம். உள்ளே நடப்பது இரண்டு தனித்தனி வேலை.

முதல் வேலை பணம் நகர்வது. உங்கள் வங்கியிலிருந்து, நீங்கள் பயன்படுத்தும் செயலியை நடத்தும் நிறுவனத்தின் வங்கிக்கு யூபிஐ வழியாகப் பணம் போகிறது. இதில் முதலில் உங்கள் கணக்கில் பணம் கழிக்கப்படும், அப்புறம்தான் எதிர்ப்பக்க வங்கியில் வரவு வைக்கச் சொல்லப்படும். வங்கியிலிருந்து வரும் "debited" என்ற எஸ்எம்எஸ் இந்த முதல் பாதியின் முதல் படிக்கு மட்டும் சாட்சி. ரீசார்ஜைப் பற்றி அந்த எஸ்எம்எஸ்ஸுக்கு ஒன்றுமே தெரியாது.

இரண்டாவது வேலை ரீசார்ஜ். பணம் கைக்கு வந்ததும் செயலி நிறுவனம், நேரடியாகவோ இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் வழியாகவோ, சிம் நிறுவனத்தின் கணினிக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. இந்த எண், இந்த நிறுவனம், இந்த வட்டம், இவ்வளவு ரூபாய் என்று. வட்டம் என்பது அந்த எண் எந்தத் தொலைத்தொடர்புப் பகுதியைச் சேர்ந்தது என்பது. சிம் நிறுவனத்தின் கணினி அந்த எண் தன்னுடைய ப்ரீபெய்டு எண்தானா, அந்த வட்டத்தில் அந்தத் தொகைக்குப் பிளான் இருக்கிறதா என்று பார்த்துப் பிளானை ஏற்றிவிட்டு, ஒரு குறிப்பு எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த எண் வந்தால்தான் செயலி பச்சை டிக் போடும்.

சிக்கல் அதிகம் வருவது இந்தப் பதில் திரும்பி வரும் வழியில்தான். கோரிக்கை போய்விட்டது, பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளான் ஏறியதா இல்லையா என்று செயலிக்கே தெரியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஒருவேளை பிளான் ஏறியிருந்தால் அதற்கு நஷ்டம். பிடித்து வைத்தால் நமக்கு நஷ்டம். அதனால் அது எடுக்கும் நடுநிலைக்குப் பெயர்தான் "Pending". பெண்டிங் என்றால் தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் விடை தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பெண்டிங்கில் இருக்கும்போது பதறிப்போய் இன்னொரு தடவை ரீசார்ஜ் போடுவது இதனால்தான் ஆபத்து. இரண்டாவது ரீசார்ஜ் ஏறிவிடும். ராத்திரியோ மறுநாளோ முதல் கோரிக்கையும் ஏறிவிட்டால் 349, 698 ஆகிவிடும். இரண்டாவது பிளானை வரிசையில் நிறுத்தி, முதல் பிளான் முடிந்ததும் தொடங்கும் நிறுவனங்கள் உண்டு. அப்படி என்றால் பணம் அழியாது, ஆனாலும் ஒரு மாதம் கழித்துச் செலவாக வேண்டிய பணம் இன்றே கையை விட்டுப் போயிருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. ஆஸ்பத்திரி, ஓடிபி என்று அன்றே போன் வேலை செய்தாக வேண்டிய அவசரம் இருந்தால், அதே தொகையை மறுபடி போடாமல், இருப்பதிலேயே விலை குறைந்த பிளானை சிம் நிறுவனத்தின் சொந்தச் செயலியிலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

ரசீதைப் படிப்பது

சித்தியிடம் போனைப் பக்கத்து வீட்டு வைஃபையில் இணைத்து, ரீசார்ஜ் போட்ட செயலியில் பழைய பரிவர்த்தனைகளைத் திறக்கச் சொன்னேன். அதில் வியாழக்கிழமை இரவு 9.10 மணி வரியைத் தொட்டதும் முழு விவரம் வந்தது. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மேலே பணம் செலுத்தியது வெற்றி என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ரீசார்ஜ் பெண்டிங் என்று இருந்தது. சித்தி மூன்று நாளாக மேலே இருந்த பச்சையை மட்டும் பார்த்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கலாம். முதலாவது UTR என்றோ UPI Ref. No. என்றோ எழுதியிருக்கும் 12 இலக்க எண். இது பணத்தின் எண், வங்கிக்குப் புரியும் மொழி இதுதான். இரண்டாவது Order ID அல்லது Transaction ID. இது செயலி நிறுவனம் தன் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண். மூன்றாவது Operator Reference அல்லது அதைப் போன்ற பெயரில் வருவது. இது சிம் நிறுவனம் கொடுத்த எண். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால், சிம் நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சித்தியின் ரசீதில் மூன்றாவது எண் இல்லை.

இனி யாரிடம் போவது என்பது தானாகத் தெரிந்துவிடும். பணம் இப்போது யார் கையில் இருக்கிறதோ, அல்லது யார் கையில் கடைசியாகப் பார்த்தோமோ, அவரிடம்தான் முதல் கேள்வி.

பணம் செலுத்தியதே தோல்வி அல்லது பெண்டிங் என்று ரசீது சொல்கிறது, ஆனால் கணக்கில் பணம் குறைந்திருக்கிறது என்றால், முதல் பயணமே முடியவில்லை. பணம் வங்கிகளுக்கு இடையில் நிற்கிறது. அந்தப் பரிவர்த்தனைக்குள்ளேயே இருக்கும் புகார் பட்டனை அழுத்திவிட்டு, உங்கள் வங்கியில் UTR எண்ணோடு புகார் பதிவு செய்யுங்கள். சிம் நிறுவனத்தைக் கேட்பதில் பயனே இல்லை, அவர்கள் உங்கள் பணத்தைக் கண்ணால் கண்டதில்லை.

பணம் வெற்றி, ரீசார்ஜ் பெண்டிங் அல்லது தோல்வி என்றால் செயலி நிறுவனம்தான். சித்தியின் கதை இதுதான். செயலிக்குள் உதவிப் பகுதியில், அந்தக் குறிப்பிட்ட ரீசார்ஜைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுக்க வேண்டும். பொதுவாக எழுதும் புகாருக்கும், அந்த ஆர்டரோடு ஒட்டி எழுதும் புகாருக்கும் பதில் வரும் வேகத்தில் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டும் வெற்றி, மூன்றாவது எண்ணும் இருக்கிறது, ஆனால் போனில் பிளான் இல்லை என்றால்தான் சிம் நிறுவனம். அதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ரீசார்ஜ் போட்ட எண் சரிதானா? ஒரு இலக்கம் மாறி வேறு யாருக்கோ ஏறியிருந்தால், சிம் நிறுவனமும் செயலியும் சொன்னதைச் செய்துவிட்டன, பணம் திரும்புவது கடினம். அடுத்தது, பழைய பிளான் இன்னும் முடியாமல் இருந்து, புதியது வரிசையில் நிற்கிறதா? சிம் நிறுவனத்தின் செயலியில் பிளான்களைக் காட்டும் பக்கத்தில் இது தெரியும்.

எல்லைப் பக்கத்துச் சிக்கல் ஒன்று

நம் மாவட்டத்தில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். கன்னியாகுமரி மாவட்டம் தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடு வட்டம். களியக்காவிளை தாண்டினால் கேரள வட்டம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறவர்கள் அங்கே எடுத்த சிம்மை இங்கே வைத்திருப்பார்கள். விளவங்கோடு பக்கம் ஒரே வீட்டில் அப்பாவுக்குத் தமிழ்நாட்டு எண்ணும் மகளுக்குக் கேரள எண்ணும் இருப்பது சாதாரணம். அதோடு 2011 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற முடிகிறது, 2015 ஜூலை முதல் வட்டம் விட்டு வட்டமும் எண்ணைக் கொண்டுபோக முடிகிறது.

எண்ணை அடித்தவுடன் செயலி நிறுவனத்தையும் வட்டத்தையும் தானே நிரப்பிக்கொள்ளும். பெரும்பாலும் சரியாக இருக்கும். சமீபத்தில் நிறுவனம் மாற்றிய எண்ணாக இருந்தால் பழைய நிறுவனத்தையே காட்டும் வாய்ப்பு உண்டு. வட்டம் தவறினால் அந்த வட்டத்துப் பிளான் பட்டியல் வரும், அதில் இருக்கும் ஒரு தொகை உங்கள் உண்மையான வட்டத்தில் பிளானாகவே இல்லாமல் இருக்கலாம். கோரிக்கை போகும், எதிர்ப்பக்கம் நிராகரிக்கும், பணம் நடு ஆளிடம் நிற்கும். பிளான் பெயருக்கு மேலே சின்ன எழுத்தில் நிறுவனமும் வட்டமும் இருக்கும். பணம் கட்டும் முன் அதைப் பார்க்க இரண்டு விநாடி போதும். ஏற்கனவே மாட்டிக்கொண்டிருந்தால், புகாரில் இந்த விவரத்தைச் சேர்த்து எழுதுங்கள்: "செயலி காட்டிய வட்டம் கேரளம், எண் தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தது." காரணத்தை நாமே சொல்லிவிட்டால், அவர்கள் ஒரு நாள் தேட வேண்டியதில்லை.

கடற்கரைப் பக்கம் வேறொரு குழப்பம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. கடலில் இருப்பவருடைய எண்ணுக்கு வீட்டில் இருப்பவர்கள் ரீசார்ஜ் போடுவார்கள். அவர் போன் டவர் எல்லைக்கு வெளியே இருக்கும், பிளான் ஏறிய எஸ்எம்எஸ் அவருக்குப் போய்ச் சேராது. கரைக்கு வந்த பிறகும் அந்த எஸ்எம்எஸ் வராமலே போகலாம், ஏனென்றால் சேராத எஸ்எம்எஸ்ஸைக் கணினி என்றைக்கும் பிடித்து வைத்திருக்காது. எஸ்எம்எஸ் இல்லை என்பதால் ரீசார்ஜ் ஏறவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிளான் ஏறுவது சிம் நிறுவனத்தின் கணினியில், போனில் இல்லை. ரசீதில் மூன்றாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் அதே நிறுவனத்தின் இன்னொரு எண்ணிலிருந்து வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கடையில் போட்டால்

செயலியில் போடாமல் ஊர்க் கடையில் ரீசார்ஜ் போடுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் நிறைய. அங்கே நடப்பதே வேறு. கடைக்காரரின் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து நீங்கள் அனுப்பும் பணம், கடைக்காரருக்குப் போகிறது. உங்கள் செயலியைப் பொறுத்தவரை அது ஒரு டீக்கும் பழத்துக்கும் கொடுத்த பணம் மாதிரிதான், அது ரீசார்ஜ் என்று செயலிக்குத் தெரியவே தெரியாது. கடைக்காரர், விநியோகஸ்தரிடம் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கி வைத்திருக்கும் இருப்பிலிருந்து உங்களுக்கு ஏற்றுகிறார்.

எனவே இங்கே முதல் வாசல் கடைக்காரர்தான். உங்கள் செயலியில் புகார் கொடுத்தால், பணம் பெறுநருக்குச் சேர்ந்துவிட்டது என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள். கடைக்காரரின் ரீசார்ஜ் செயலியில் உங்கள் எண், நேரம், தொகை, நிலை நான்கும் இருக்கும். "அண்ணே, அந்த டிரான்ஸாக்‌ஷன காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்று கேட்டு வாங்கி வையுங்கள். அவர் பக்கத்தில் தோல்வி என்று இருந்தால் தொகை அவர் இருப்புக்கே திரும்பியிருக்கும், அவர் உங்களுக்குத் தந்துவிடலாம். வெற்றி என்று இருந்து பிளான் இல்லையென்றால், விநியோகஸ்தரிடம் கேட்பது அவர் வேலை, அந்தக் குறிப்பு எண்ணோடு சிம் நிறுவனத்தில் கேட்பது உங்கள் வேலை. கடைக்காரருடன் சண்டை போட வேண்டாம். ஒரு ரீசார்ஜில் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் மிகக் குறைவு, உங்கள் 349 ரூபாயை அமுக்கி அவர் ஊரில் கடை நடத்த முடியாது.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்

பணப் பயணமே தோற்ற கதைக்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையின்படி, யூபிஐயில் வணிகருக்கு, நம் கதையில் செயலி நிறுவனத்துக்கு, கட்டிய பணம் கணக்கில் கழிந்து, வணிகர் பக்கம் உறுதி ஆகவில்லை என்றால், பணம் போன நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனி ஆளுக்கு அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு ஈடாகத் தர வேண்டும், அதுவும் அவர் கேட்காமலே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1ஆம் தேதி ரீசார்ஜுக்குப் பணம் கட்டுகிறீர்கள், கணக்கில் 349 குறைகிறது, செயலியில் பணம் செலுத்தல் தோல்வி. 6ஆம் தேதிக்குள் திரும்பியிருக்க வேண்டும். 9ஆம் தேதிதான் வருகிறது என்றால் மூன்று நாள் தாமதம், 300 ரூபாய் ஈடு. இங்கே எண்ணப்படுவது காலண்டர் நாள், ஞாயிறும் விடுமுறையும் சேர்த்துத்தான். 349 ரூபாய் மட்டும் வந்து ஈடு வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது UTR எண்ணையும், பணம் போன தேதியையும், வந்த தேதியையும் எழுதுங்கள்.

சித்திக்கு இது பொருந்தவில்லை. அவருக்கு அது வருத்தம்தான், எனக்கும் வருத்தம். அவருடைய பணம் வணிகருக்குச் சேர்ந்து, வங்கிக் கணக்கில் வெற்றி என்றே பதிவாகிவிட்டது. தோற்றது ரீசார்ஜ் மட்டும். இந்த விதி பணம் நகர்வதில் வரும் கோளாறுக்கானது, வாங்கிய சேவை கிடைக்காததற்கு அது பேசவில்லை. ரீசார்ஜ் தோல்விக்குச் செயலி நிறுவனம் தரும் கெடு அதனுடைய உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கும், அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வங்கியில் போய் நூறு ரூபாய் கேட்டு நின்றால் இன்னொரு நாள்தான் போகும்.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். `cms.rbi.org.in` தளத்தில் இலவசமாகப் பதியலாம். வங்கியில் முதலில் கேட்காமல் நேரே அங்கே போனால் புகாரை எடுக்க மாட்டார்கள். அதனால்தான் வங்கியில் கொடுத்த புகாரின் எண்ணைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

சிம் நிறுவனத்தின் பக்கம் முதல் படி 198. இது புகாருக்கான கட்டணமில்லா எண். 121இல் பிளான் விவரம், விற்பனை என்று சுற்றிக்கொண்டிருப்பதை விட இதற்கு நேராகப் போவது நல்லது. புகாரைப் பதிந்ததும் ஒரு புகார் எண் கொடுக்க வேண்டும், அது எஸ்எம்எஸ்ஸாகவும் வரும். "பாத்துட்டு சொல்றோம்" என்று எண் கொடுக்காமல் வைத்துவிட்டால், புகாரே பதியவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி கூப்பிடுங்கள். புகாருக்குத் தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்துக்குள் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறை கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்குக் கட்டணம் இல்லை, புகார் எண் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பலரும் நேரே டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் `pgportal.gov.in` வழியாகத் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாம்.

செயலி நிறுவனம் பதிலே சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் தொலைத்தொடர்பையும் சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஒரு 349 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வருவது அபூர்வம். ஆனால் மாதாமாதம் இதே மாதிரி நடந்தாலோ, ஆண்டு முழுவதற்குமான 3000 ரூபாய்ப் பிளான் போய்விட்டாலோ அந்த வழி திறந்திருக்கிறது.

இத்தனை எண்களைச் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். செயலி நிறுவனங்களின் பெயரில் போலி எண்களைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. பணம் போன பதற்றத்தில் இருப்பவர்தான் அவர்களுக்கு வேண்டிய ஆள். "ரீஃபண்ட் அனுப்புறோம், பின் போடுங்க" என்பார்கள், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள். திரும்பி வரும் பணத்துக்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்கிறார்கள் என்றால் உங்களிடமிருந்து பணம் போகப்போகிறது. 349ஐத் தேடிப் போய்க் கணக்கில் இருந்த முழுப் பணத்தையும் இழந்தவர்கள் உண்டு. அப்படி நடந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி செயலிக்கு உள்ளே இருக்கும் உதவிப் பகுதி, வங்கி அட்டையின் பின்பக்கம் அச்சிட்ட எண், 198, இவை போதும்.

சித்தியின் 349

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செயலிக்குள் அந்த ரீசார்ஜைத் திறந்து, சித்தி சார்பாக நான் எழுதியது நான்கு வரிதான். வியாழக்கிழமை இரவு 9.10க்கு இந்த எண்ணுக்கு 349 ரூபாய் ரீசார்ஜ், பணம் செலுத்தியது வெற்றி, UTR எண் இது, ரீசார்ஜ் நிலை இன்னும் பெண்டிங், சிம் நிறுவனத்தின் குறிப்பு எண் இல்லை. சிம் நிறுவனத்தின் கடையில் சனிக்கிழமை விசாரித்தபோது எந்த ரீசார்ஜும் வரவில்லை என்றார்கள். பிளானை ஏற்றவும், இல்லையென்றால் பணத்தை அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பவும். நாகர்கோவிலுக்கு அலைந்தது வீண் என்று நினைத்த சித்திக்கு, அங்கே கேட்ட பதில் இங்கே சாட்சியாக உதவியதில் கொஞ்சம் ஆறுதல்.

"அதே வங்கிக் கணக்குக்கு" என்று எழுதியது காரணத்தோடுதான். சில செயலிகள் திரும்பும் பணத்தைத் தங்கள் வாலட்டில் வைத்துவிடும். வங்கிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருப்பவர் பணம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார், பணம் வாலட்டில் தூங்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நிலை பெண்டிங்கிலிருந்து தோல்விக்கு மாறியது, ரீஃபண்ட் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. அன்றே சித்தி நம்பிக்கையோடு மறுபடி ரீசார்ஜ் போட்டுக்கொண்டார். முதல் கோரிக்கை இனி ஏறாது என்று எழுத்தில் வந்த பிறகு அப்படிப் போடுவதில் பயமில்லை. புதன்கிழமை காலை மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை தன்னுடைய போனிலிருந்தே. "மக்களே, யாரோ 349 ரூவாய் அனுப்பியிருக்கான், நம்பர் வேறயாட்டு இருக்கு." ரீஃபண்டுக்குத் தனியாக ஒரு புது UTR எண் வரும், பணம் போனபோது இருந்த எண் இருக்காது. செயலியில் ரீஃபண்ட் வரியைத் திறந்து, அதில் இருந்த 12 இலக்கத்தையும் வங்கி எஸ்எம்எஸ்ஸில் இருந்த 12 இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தது.